ஜாவா சர்க்கரையும் ஆலை வாசலும்: 1932ஆம் ஆண்டுக் காப்புவரியின் ஆதாயம் யாரிடம் சேர்ந்தது?

இறக்குமதி வரி உயரும்போதெல்லாம் இரண்டு கூற்றுகள் எதிரெதிராக எழுகின்றன. வரியைச் செலுத்துபவன் அயல்நாட்டு வணிகனே, ஆதலால் நாடு முழுவதற்கும் ஆதாயம் என்பது ஒன்று. வரி முழுவதும் உள்நாட்டு நுகர்வோரின் தலையில்தான் விடிகிறது, ஆதலால் நாடு முழுவதற்கும் இழப்பு என்பது மற்றொன்று. இரண்டிலும் ஒரே குறை உண்டு. இரண்டும் ‘நாடு’ என்பதை ஒற்றை ஆளாகப் பாவிக்கின்றன. வரியால் நகரும் பணம் ஒரு நாட்டிற்குள் எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குப் போகிறது என்பதை அறிய வேண்டுமானால், ஒரு சரக்கை எடுத்துக்கொண்டு துறைமுகம் முதல் வயல் வரை அதைப் பின்தொடர வேண்டும். இந்தியப் பொருளியல் வரலாற்றில் அதற்கு மிகவும் ஏற்ற சரக்கு, 1930களின் வெள்ளைச் சர்க்கரை.

கரும்பின் தாயகங்களுள் ஒன்று எனப்படும் இந்நாடு, 1930ஆம் ஆண்டளவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 இலட்சம் டன் வெள்ளைச் சர்க்கரையை இறக்குமதி செய்துகொண்டிருந்தது. அதில் மிகப் பெரும்பகுதி டச்சுக்காரர் ஆட்சியிலிருந்த ஜாவாவிலிருந்து வந்தது. இங்கு விளைந்த கரும்பில் பெரும்பகுதி வெல்லமாயிற்று. ஒரு பகுதியிலிருந்து ரோகில்கண்ட் வட்டாரத்தில் பழைய முறையில் கண்ட்சாரிச் சர்க்கரை காய்ச்சினார்கள். நவீன ஆலைகள் நாடு முழுவதிலும் முப்பதைச் சற்றே தாண்டின.

இந்த நிலையில் இரண்டு மாற்றங்கள் ஒருசேர நிகழ்ந்தன. ஒன்று நம் பக்கத்தது. 1912இல் கோயம்புத்தூரில் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையம் உருவாக்கிய ‘கோ’ வகைக் கரும்புகள் கங்கைச் சமவெளியில் வேகமாகப் பரவின. பழைய மெல்லிய நாட்டுக் கரும்பைவிட அவை மிகுதியாக விளைந்தன. கரும்பு பெருகியது. அவ்வளவையும் வெல்லமாக்கினால் வெல்லத்தின் விலை சரியும் என்ற அச்சம் வேளாண் துறையினரிடையே எழுந்தது. மற்றொன்று உலகளாவியது. 1929க்குப் பின் வந்த பெருமந்தத்தில் சர்க்கரையின் உலக விலை வீழ்ந்தது. ஜாவா தன் சரக்கை விற்க இந்தியச் சந்தையையே பெரிதும் நம்பியிருந்தது.

சுங்கவரி வாரியம் இச்சிக்கலை ஆராய்ந்து காப்புவரியைப் பரிந்துரைத்தது. 1932இல் சர்க்கரைத் தொழிற்காப்புச் சட்டம் நிறைவேறியது. ஒரு ஹண்டர்வெயிட்டுக்கு, அதாவது 112 பவுண்டு எடைக்கு, 7 ரூபாய் 4 அணா வரி. அதன்மேல் 1931 செப்டம்பரில் விதிக்கப்பட்ட 25 விழுக்காட்டு மேல்வரியும் சேர்ந்து 9 ரூபாய் 1 அணா ஆயிற்று. இந்த வரிக்கு வாரியம் கூறிய முதன்மையான நியாயம் ஆலை முதலாளியின் நலன் அன்று. கரும்புக்கு ஒரு புதிய போக்கிடம் வேண்டும், உழவனுக்கு விலை வேண்டும் என்பதே அந்த நியாயம். இக்கட்டுரையின் இறுதிவரை இதை நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன்.

வரியின் அளவை வீட்டுக் கணக்காக மாற்றிப் பார்ப்போம். வட இந்தியாவில் வழங்கிய மணங்கு 82 பவுண்டுக்குச் சற்று மிகுதி; ஒரு மணங்குக்கு 40 சேர். ஹண்டர்வெயிட்டுக்கு 9 ரூபாய் 1 அணா என்றால், மணங்குக்கு ஏறத்தாழ 6 ரூபாய் 10 அணா. சேருக்கு இரண்டரை அணாவுக்கு மேல். உழவுக் கூலியின் ஒருநாள் ஊதியம் சில அணாக்களாக இருந்த காலம் அது. துறைமுகத்தில் வந்திறங்கும் ஜாவாச் சர்க்கரையின் விலையைவிட, அதன்மீது விழுந்த வரியே கூடுதலாக இருந்தது.

இத்தனை பெரிய வரிக்கு எதிராக நுகர்வோரிடமிருந்து பெருங்குரல் எழாதது ஏன்? உலக விலை சரிந்துகொண்டிருந்தபோது வரி உயர்ந்தது என்பதுதான் முதற்காரணம். ஜாவாவில் விலை இறங்கியது, வரி ஏறியது, இரண்டும் பெருமளவு ஒன்றையொன்று ஈடுசெய்தன. கடைக்காரன் விலையைத் திடீரென இரட்டிப்பாக்கவில்லை. வாங்குபவருக்கு நேர்ந்தது, இறங்கியிருக்க வேண்டிய விலை இறங்காமல் நின்றதுதான். கண்ணுக்குத் தெரியாத இழப்புக்குக் கிளர்ச்சி எழுவதில்லை. வரியின் சுமையை அளக்க ‘முன்பு என்ன விலை, பின்பு என்ன விலை’ என்ற ஒப்பீடு ஏன் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அரிது. ‘வரி இல்லாதிருந்தால் இன்று என்ன விலை’ என்பதே உரிய ஒப்பீடு.

இரண்டாவது காரணம், வெள்ளைச் சர்க்கரையை உண்டவர் யார் என்பதைப் பற்றியது. நாட்டுப்புற ஏழையின் இனிப்பு வெல்லமே. வெள்ளைச் சர்க்கரை பெரும்பாலும் நகரத்தாரின், தேநீர் அருந்தத் தொடங்கியிருந்தவர்களின், இனிப்புக் கடைக்காரர்களின் சரக்கு. ஆகவே வரியின் சுமை ஏழைகள் அனைவர்மீதும் ஒரே அளவில் விழவில்லை. ஆனால் வட்டார வேறுபாடு கூர்மையானது. கல்கத்தா, சென்னை, பம்பாய், கராச்சி ஆகிய துறைமுக நகரங்களில் ஜாவாச் சர்க்கரை கப்பலிலிருந்து நேராக இறங்கியது. அங்குதான் அது மிக மலிவு. காப்புவரிக்குப் பின் தோன்றிய ஆலைகளில் பெரும்பாலானவை ஐக்கிய மாகாணத்திலும் பீகாரிலும் இருந்தன. அங்கிருந்து சென்னைக்கு வரும் சர்க்கரைக்கு நெடுந்தொலைவு இரயில் கட்டணமும் சேர்ந்தது. தென்னாட்டு நுகர்வோர் வரியை மட்டுமன்றி, வரியால் தேவைப்பட்ட இந்தப் போக்குவரத்தையும் சுமந்தனர். ஒரே நாட்டின் ஒரு பகுதி மக்கள் மற்றொரு பகுதியின் தொழில் வளர்ச்சிக்குக் கொடுத்த மானியம் என்று இதைக் கூறினால் மிகையாகாது. ஆனால் எந்த வரவு செலவுத் திட்டத்திலும் அது மானியம் என்ற பெயரில் இடம்பெறவில்லை.

இப்போது வரவின் பக்கத்திற்கு வருவோம். ஆலைகள் பெருகிய வேகம் வியப்பூட்டுவது. 1931-32இல் 32 ஆக இருந்த கரும்பு ஆலைகள் 1935-36இல் 137 ஆயின. அவற்றின் உற்பத்தி சுமார் 1.6 இலட்சம் டன்னிலிருந்து 1936-37இல் 11 இலட்சம் டன்னுக்கு உயர்ந்தது. அதே ஆண்டில் இறக்குமதி 25,000 டன்னுக்கும் கீழே போயிற்று. பிர்லா, டால்மியா, தில்லி துணி ஆலையின் லாலா ஸ்ரீராம் முதலியோர் இந்த ஆண்டுகளில்தான் சர்க்கரைத் தொழிலில் காலூன்றினார்கள். மந்தக் காலத்தில் மற்றத் தொழில்களில் இலாபம் அருகியிருந்தபோது, வணிகத்திலும் வட்டியிலும் சேர்ந்திருந்த முதல் சர்க்கரைக்குப் பாய்ந்தது. ஆலை எந்திரங்கள் இங்கே செய்யப்படவில்லை. அவற்றுக்கான ஆணைகள் பிரிட்டன் முதலிய நாடுகளின் எந்திரத் தொழிற்சாலைகளுக்குச் சென்றன. ஜாவாவின் சர்க்கரையைத் தடுத்த வரி, மந்தத்தில் வாடிய ஐரோப்பிய எந்திரத் தொழிலுக்கு வேலை கொடுத்தது. வரி உயர்ந்தால் அயலார் அனைவரும் இழப்பார்கள் என்பதும் இவ்வாறு உண்மையன்று.

ஜாவாவின் இழப்பு கடுமையானது. அங்கு இயங்கிய 170க்கும் மேற்பட்ட ஆலைகளில் 1930களின் நடுவில் 50க்கும் குறைவானவையே எஞ்சின. அதன் சுமை டச்சு முதலாளிகளோடு நிற்கவில்லை. கரும்புக்கு நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருந்த ஜாவானிய உழவர்களும், வெட்டுக் கூலியாட்களும், ஆலைத் தொழிலாளர்களும் வருவாயை இழந்தனர்.

இந்திய அரசின் கருவூலமும் இழந்தது. காப்புவரியின் உள்முரண் இங்கே வெளிப்படுகிறது. வருவாய்க்கு விதிக்கப்படும் வரி வெற்றி பெற வேண்டுமானால் சரக்கு தொடர்ந்து வர வேண்டும். காப்புக்கு விதிக்கப்படும் வரி வெற்றி பெற்றால் சரக்கு வருவது நின்றுவிடும். ஒரே வரியால் இரண்டையும் நிறைவாகச் செய்ய முடியாது. 1930-31இல் சர்க்கரைச் சுங்கத்தால் ஏறத்தாழ 10 கோடி ரூபாய் வந்தது. இறக்குமதி வற்றியபோது அதுவும் வற்றியது. எனவே 1934இல் உள்நாட்டு ஆலைச் சர்க்கரைமீது ஹண்டர்வெயிட்டுக்கு 1 ரூபாய் 5 அணா உற்பத்தி வரி விதிக்கப்பட்டது. 1937இல் அது 2 ரூபாயாக உயர்ந்தது. இந்த 2 ரூபாய் வீதத்தில் 11 இலட்சம் டன்னுக்குக் கணக்கிட்டால் 4 கோடியே 40 இலட்சம் ரூபாய் வரும். அதாவது, உற்பத்தி வரியை முழுமையாகத் தண்டினாலும் இழந்த சுங்க வருவாயில் பாதியைக்கூட மீட்க முடியவில்லை. எஞ்சிய தொகையை அரசு வேறு வரிகளிலிருந்து ஈட்டவேண்டும், அல்லது செலவைச் சுருக்க வேண்டும். அது யார்மீது விழுந்தது என்று தனியே பிரித்துக் காட்ட இயலாது. ஆனால் எங்கோ விழுந்தது.

நுகர்வோரும் கருவூலமும் இழந்தது உழவனைச் சேர்ந்ததா என்பதே அடுத்த கேள்வி. அவன் பெயரால்தான் வரி கேட்கப்பட்டது.

ஒரு சிறு கணக்கு. அக்கால ஆலைகளில் 100 மணங்கு கரும்பிலிருந்து ஏறத்தாழ 9 மணங்கு சர்க்கரை கிடைத்தது. எனவே 1 மணங்கு சர்க்கரைக்கு 11 மணங்கு கரும்பு வேண்டும். 1930களின் நடுவில் வழங்கிய விலையை ஒட்டிக் கரும்பு மணங்குக்கு 5 அணா என்று கொள்வோம். அப்படியானால் ஒரு மணங்கு சர்க்கரைக்கான கரும்பின் முழு விலை 55 அணா, அதாவது 3 ரூபாய் 7 அணா. அந்த ஒரு மணங்கு சர்க்கரைக்கு அரசு அளித்த காப்போ 6 ரூபாய் 10 அணா. ஆலை கரும்புக்கு ஒரு காசும் கொடுக்காமல் வாங்கியிருந்தால் மிஞ்சும் தொகையைவிட, காப்புவரி ஏறத்தாழ இரு மடங்கு! கரும்பு விலையில் மணங்குக்கு 1 அணா குறைத்தால் ஆலைக்கு ஒரு மணங்கு சர்க்கரையில் 11 அணா மிச்சம். ஆகவே வரியின் பயன் ஆலைக்கும் வயலுக்கும் இடையே எப்படிப் பிரியும் என்பது அந்த ஓரிரு அணாக்களில் தொங்கியது.

அந்த அணாக்களுக்கான பேரத்தில் உழவனின் கை தாழ்ந்திருந்தது. அதற்குக் கரும்பின் இயல்பே ஒரு காரணம். கோதுமையைக் களஞ்சியத்தில் வைத்து நல்ல விலைக்குக் காத்திருக்கலாம். வெட்டிய கரும்போ நாளுக்கு நாள் காய்ந்து எடை குறையும். சாற்றின் சர்க்கரையும் சிதையும். மாட்டுவண்டியில் நெடுந்தொலைவு கொண்டுசெல்லவும் முடியாது. ஆகவே ஆலையைச் சுற்றிய சில கல் தொலைவிலுள்ள உழவனுக்கு வாங்குபவர் ஒருவரே. வாசலில் வண்டிகள் வரிசையில் நிற்கும். காத்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் இழப்பு அவனுடையது. எடைமேடையில் குறைத்து நிறுத்தல், கழிவு என்று பிடித்தம் செய்தல், இடைத்தரகர்கள் வழியாக மட்டுமே வாங்குதல் முதலிய முறைகேடுகள் பரவலாயின.

அவனுக்கிருந்த மாற்றுவழி வெல்லம் காய்ச்சுவது. ஆலை விலை பிடிக்கவில்லையென்றால் தன் செக்கில் கரும்பை ஆட்டலாம். எனவே வெல்லத்தின் விலையே கரும்பு விலைக்குத் தரைமட்டமாயிற்று. ஆனால் காப்புவரி வெல்லத்தைத் தாங்கவில்லை. மந்தத்தில் வெல்லம் வீழ்ந்தபோது தரைமட்டமே தாழ்ந்தது. ஆலைக்கு வேண்டியதெல்லாம் அந்தத் தாழ்ந்த விலைக்குச் சற்று மேலே கொடுப்பதுதான்; சர்க்கரையின் காக்கப்பட்ட விலைக்கு ஏற்பக் கொடுக்கவேண்டிய கட்டாயம் எதுவுமில்லை.

இந்த நிலையை அரசும் உணர்ந்தது. உற்பத்தி வரி வந்த அதே 1934இல் கரும்புச் சட்டமும் வந்தது. ஆலைகள் வாங்கும் கரும்புக்குக் குறைந்தபட்ச விலை நிர்ணயிக்கும் அதிகாரத்தை அது மாகாண அரசுகளுக்கு வழங்கியது. வரி விதித்த இரண்டே ஆண்டில் இத்தகைய சட்டம் தேவைப்பட்டது என்பதே, துறைமுகத்தில் உயர்த்திய விலை தானாக வயல்வரை இறங்கி வராது என்பதற்கு அரசே அளித்த சான்று.

ஆயினும் உழவன் ஒன்றும் பெறவில்லை என்று முடிப்பது தவறு. மந்தத்தில் கோதுமை, நெல், எண்ணெய்வித்து எல்லாம் விலையிழந்தபோது, ஆலைப் பகுதிகளில் ரொக்கம் தந்த பயிர் கரும்புதான். கரும்புப் பரப்பு விரைந்து பெருகியதே அதற்குச் சான்று; இழப்பு மட்டுமே தரும் பயிரை எவரும் விரித்துப் பயிரிடுவதில்லை. ஆனால் ரொக்கம் அவன் கையில் தங்கியதா என்பது வேறு கேள்வி. கோரக்பூர்க் கரும்பைப் பற்றி ஷாஹித் அமீன் எழுதிய ஆய்வு இங்கு இன்றியமையாதது. கரும்புப் பணம் வரும் காலம், குத்தகைத் தவணையும் கடன் தவணையும் நெருக்கும் காலத்தோடு பிணைந்திருந்ததை அவர் காட்டுகிறார். சிறு உழவன் கரும்பைத் தேர்ந்தது இலாபக் கணக்கால் மட்டுமன்று, ரொக்கத்தின் நெருக்கடியாலும்தான். எனவே காப்புவரியின் ஒரு பங்கு ஆலை வாசலைத் தாண்டி வந்தபோதும், அது உழவனின் வழியாக நிலக்கிழாருக்கும் கடன் கொடுத்தவனுக்கும் போய்ச் சேர்ந்தது. ஆலை இல்லாத வட்டாரத்துக் கரும்பு உழவனுக்கோ அதுவுமில்லை. ரோகில்கண்டின் கண்ட்சாரித் தொழிலும் ஆலைச் சர்க்கரையின் போட்டியில் நசிந்தது. காக்கப்பட்ட தொழிலே பழைய உள்நாட்டுத் தொழிலுக்குப் பகையாயிற்று.

ஆலை முதலாளியின் ஆதாயமும் நிலைக்கவில்லை. இலாபம் கண்டு எல்லோரும் ஆலை தொடங்க, 1936-37இல் சர்க்கரை நாட்டின் தேவையை எட்டியது. அதன்பின் விலையைத் தீர்மானித்தது ஜாவா அன்று, உள்நாட்டுப் போட்டியே. வரியோடு கூடிய ஜாவா விலைக்கு வெகு கீழே இந்திய விலை இறங்கியது. அந்த அளவுக்கு வரி வெறும் எண்ணாகிப்போனது. உபரியை வெளியே அனுப்பவும் வழியில்லை. உலகச் சந்தையில் இந்தியச் சர்க்கரை விலைபோகாது என்பதோடு, 1937ஆம் ஆண்டு அனைத்துலகச் சர்க்கரை ஒப்பந்தம் பர்மா நீங்கலாகக் கடல்வழி ஏற்றுமதியையும் தடுத்தது.

போட்டி கரைத்ததை மீட்க, ஆலையதிபர்கள் அதே ஆண்டில் இந்தியச் சர்க்கரைச் சிண்டிகேட்டை அமைத்து விலையையும் விற்பனையையும் கட்டுப்படுத்த முற்பட்டார்கள். இங்கே ஒரு புதிய கூட்டு தோன்றியது. ஐக்கிய மாகாணத்திலும் பீகாரிலும் ஆட்சிக்கு வந்திருந்த காங்கிரஸ் அமைச்சரவைகள் கரும்புக்கு நல்ல விலை வாங்கித்தர விரும்பின. சர்க்கரை விலை விழுந்தால் ஆலைகள் அதைக் கொடுக்க மாட்டா. ஆகவே அவ்வரசுகள் சிண்டிகேட்டில் சேருவதை ஆலைகளுக்குக் கட்டாயமாக்கின. உழவனுக்கும் ஆலைக்கும் இடையிலிருந்த பூசலை மாகாண அரசு தீர்த்தது. தீர்வுக்கான விலையை மற்ற மாகாணங்களின் நுகர்வோர் கொடுத்தனர். சிண்டிகேட் விலையை மிகவும் உயர்த்தி, சரக்கு தேங்கிப்போனபோது, 1940இல் அவ்விரு மாகாணங்களின் அரசுகளே அதற்கான ஏற்பை விலக்கிக்கொண்டன. காப்புவரி சுவரை மட்டுமே எழுப்பும். சுவருக்குள் போட்டி இருந்தால் பயன் ஒருவரிடமும், கூட்டணி இருந்தால் மற்றொருவரிடமும் சேரும். சர்க்கரையில் பத்தாண்டுக்குள் இரண்டையும் காண முடிகிறது.

இவற்றையெல்லாம் கொண்டு 1932ஆம் ஆண்டுச் சட்டம் தவறானது என்று நான் வாதிடவில்லை. மந்தத்தின் நடுவே ஒரு பெருந்தொழில் உருவாயிற்று. அந்நியச் செலாவணி மிஞ்சியது. பருவகால வேலையேனும் பல்லாயிரவர்க்குக் கிடைத்தது. வரி இல்லாதிருந்தால் கோ வகைக் கரும்பின் பெருக்கம் வெல்ல விலையை இன்னும் கீழே தள்ளியிருக்கும் என்ற வாரியத்தின் அச்சமும் வெற்றுக் கற்பனையன்று. சர்க்கரைக்கான காப்பு 1950வரை நீடித்தது. காப்பு நீங்கியபின்னும் நின்றது, அதன் பக்கவிளைவாகப் பிறந்த கரும்பு விலைச் சட்டமே. இன்று ஒன்றிய அரசு அறிவிக்கும் கரும்பு விலையும், ஆண்டுதோறும் எழும் நிலுவைத்தொகைப் போராட்டங்களும் 1934இல் தொடங்கிய அந்த வழக்கின் தொடர்ச்சியே.

வரி வரலாற்றை ஆராயப் புகும் மாணவர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். சுங்க வீதப் பட்டியலும் ஆலைகளின் எண்ணிக்கையும் எளிதில் கிடைக்கும், அவற்றோடு நின்றுவிடாதீர்கள். அதே ஆண்டுகளின் மூலப்பொருள் விலை, இரயில் கட்டணம், குத்தகைத் தவணை, கருவூல வரவு ஆகிய நான்கையும் அருகருகே வைத்துப் பாருங்கள். வரியைக் கேட்டவர்கள் யார் பெயரைச் சொல்லிக் கேட்டார்கள் என்பதைக் குறித்துவைத்துக்கொண்டு, அந்தப் பெயருக்குரியவரின் கணக்கில் என்ன ஏறியது என்பதைத் தேடுங்கள். சர்க்கரையைப் பொறுத்தவரை அந்தத் தேடல் முடிய வேண்டிய இடம் சுங்கச் சாவடியன்று. மாட்டுவண்டிகள் இரவெல்லாம் காத்துநின்ற ஆலையின் எடைமேடை.